பெயர் வைக்கும்வரை பீஸுக்கு ஏது அடையாளம்?

கார் எஞ்சினைக் குளிர்விக்கும் வாட்டர் பம்பின் அலுமினிய உடலைக் கவனித்திருக்கிறீர்களா? அதன் ஓரத்தில் தபால்தலையைவிடச் சிறிய ஒரு கட்டம் இருக்கும். கறுப்பும் வெளுப்புமாகப் புள்ளிகள் நிறைந்திருக்கும். அதை ஸ்கேன் செய்தால் அந்தப் பம்பின் வரலாறு தொழிற்சாலைக் கணினியில் விரியும். பேரிங்கை எவ்வளவு விசையில் அழுத்திப் பொருத்தினார்கள், காற்றுக்கசிவுச் சோதனையில் என்ன அளவு வந்தது, எந்த நாள், எத்தனை மணி என்று எல்லாம் அதில் இருக்கும்.

இதில் ஒரு புதிர் உண்டு. அந்தக் கட்டத்தைப் பொறிக்கும் லேசர் இயந்திரம் சில தொழிற்சாலைகளில் வரிசையின் கடைசியில்தான் நிற்கும். தேறாத பீஸுக்குப் பெயர் பொறித்து வீணாக்க அங்கே விரும்புவதில்லை. அப்படியானால் பேரிங்கை அழுத்தியபோது அந்த உடலுக்குப் பெயரே கிடையாது. முன்னும் பின்னும் வரும் பீஸ்களிலிருந்து அதைக் கண்ணால் பிரித்தறியவும் முடியாது. பெயரில்லாத காலத்தில் எடுத்த அளவுகள் பெயர் வந்தபின் சரியான பீஸோடு எப்படிப் போய்ச் சேருகின்றன?

அந்த வேலையைச் செய்வது வரிசையை இயக்கும் பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுக் கணினிக்குள் இருக்கும் இரண்டே இரண்டு கட்டளைகள். ஆலன்-பிராட்லி பி.எல்.சி.களில் அவற்றின் பெயர் FFL, FFU. முதலாவது வரிசையின் வாலில் ஒரு பதிவைச் சேர்க்கிறது, இரண்டாவது தலையில் இருப்பதை எடுக்கிறது. முதலில் வந்தது முதலில் போகும். மிட்சுபிஷி இயந்திரங்களில் இதே வேலைக்கு SFWR, SFRD என்ற கட்டளைகள் உள்ளன. பெயர் மாறினாலும் யோசனை ஒன்றுதான். இங்கே FFL, FFU இரண்டையே பிடித்துக்கொண்டு போவோம்.

எடுத்துக்காட்டாக மூன்று ஸ்டேஷன்கள் கொண்ட ஒரு சிறு வரிசையைக் கற்பனை செய்துகொள்ளலாம். முதல் ஸ்டேஷனில் பேரிங்கை அழுத்தும் பிரஸ். இரண்டாவது லீக் டெஸ்ட்: உடலுக்குள் காற்றை அடைத்து, அழுத்தம் குறைகிறதா என்று பார்ப்பது. மூன்றாவது லேசர். பிரஸ்ஸுக்கும் லீக் டெஸ்டுக்கும் இடையே உள்ள கன்வேயரில் அதிகபட்சம் எட்டு பீஸ்கள் நிற்கலாம், அடுத்த கன்வேயரில் ஆறு. லேசருக்குச் சற்று முன்பாக, தேறாத பீஸ்களைத் தள்ளிவிடும் ரிஜெக்ட் சரிவு ஒன்று உண்டு. சரிவின் அடியில் பூட்டிய சிவப்புப் பெட்டி. வரிசை முழுவதற்கும் ரிஜெக்ட் சரிவு இது ஒன்றுதான். ஆகவே பிரஸ்ஸில் தோற்றுப்போன பீஸும் நல்ல பீஸ்களோடு சேர்ந்து கடைசிவரை பயணம் செய்கிறது. லீக் டெஸ்ட் அதைச் சோதிக்காமலே அனுப்பிவிடும், சரிவு வந்ததும் தள்ளும். அதற்கு, தன் முன்னால் நிற்பது தோற்ற பீஸ் என்று ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பிரஸ் தன் வேலையை முடித்ததும் பி.எல்.சி. ஒரு சிறு பதிவைத் தயார் செய்கிறது. அதில் ஓர் உள்வரிசை எண், பிரஸ்ஸின் முடிவு, அதிகபட்ச விசை ஆகியவை இருக்கும். லீக் டெஸ்டின் முடிவுக்கும் அளவுக்கும் காலி இடம் விட்டிருக்கும். பீஸ் பிரஸ்ஸை விட்டு வெளியேறி, வாசலில் உள்ள சென்சாரைக் கடக்கும்போது FFL அந்தப் பதிவை முதல் கன்வேயருக்குரிய வரிசையில் ஏற்றுகிறது. நிரல் எழுதும் திரையில் அந்தக் கட்டளை இப்படி இருக்கும்:

```
FFL
Source    St1_Part
FIFO      Q1[0]
Control   Q1_Ctl
Length    12
Position  0
```

`St1_Part` என்பது பிரஸ்ஸில் தயாரான பதிவு. `Q1` என்பது பன்னிரண்டு அறைகள் கொண்ட வரிசை. `Q1_Ctl` தான் கணக்குப்பிள்ளை: வரிசையில் இப்போது எத்தனை பதிவு, நிரம்பிவிட்டதா, காலியா என்ற விவரங்களை அது வைத்திருக்கிறது. எண்ணிக்கை `.POS` என்ற இடத்தில் இருக்கும். நிரம்பினால் `.DN` என்ற கொடி ஏறும், காலியானால் `.EM` ஏறும்.

மறுமுனையில், பீஸ் லீக் டெஸ்ட் ஸ்டேஷனுக்குள் வந்து ஸ்டாப்பரில் முட்டி நின்று, கிளாம்ப் பிடித்ததும் FFU ஓடுகிறது. `Q1`-இன் முதல் அறையில் உள்ள பதிவை எடுத்து `St2_Part` என்ற இடத்தில் வைக்கிறது. மிச்சமுள்ள பதிவுகள் எல்லாம் ஓர் அறை முன்னால் நகர்கின்றன, `.POS` ஒன்று குறைகிறது. லீக் டெஸ்ட் தன் முடிவை அந்தப் பதிவின் காலி இடத்தில் எழுதும். பீஸ் வெளியேறும்போது இன்னொரு FFL அந்தப் பதிவை `Q2` என்ற இரண்டாவது வரிசையில் ஏற்றும். இப்படி ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் கைமாறி, லேசரை அடையும்போது பதிவு முழுதாகிவிடுகிறது. லேசர் பொறிக்கும் எண்ணோடு அது கணினிக்குப் போகிறது.

இரு கட்டளைகளுக்கும் ஒரே `Q1_Ctl`, ஒரே நீளம் கொடுக்க வேண்டும். புதிதாக எழுதுபவர்கள் FFL-க்கு ஒரு கணக்கையும் FFU-வுக்கு வேறொரு கணக்கையும் கொடுத்துவிடுவது உண்டு. அப்போது ஏற்றுகிற பக்கம் வரிசை நிரம்பிக்கொண்டே போகும், இறக்குகிற பக்கம் எப்போதும் காலி என்றே சொல்லும். இது முதல் நாளே பிடிபட்டுவிடும் என்பதால் பெரிய ஆபத்தில்லை.

பி.எல்.சி. தன் நிரலை மேலிருந்து கீழாக ஓடி முடித்து, உடனே மறுபடி தொடங்கும். ஒரு சுற்றுக்கு 10 மில்லிவினாடி என்று வைத்துக்கொண்டால், சென்சாரின் முன் பீஸ் 2 வினாடி நிற்கும்போது நிரல் அதை 200 முறை பார்க்கிறது. 200 பதிவு ஏறிவிடாதா? ஏறாது. நிபந்தனை பொய்யிலிருந்து மெய்யாக மாறும் அந்த ஒரு கணத்தில் மட்டுமே FFL செயல்படும். பிறகு நிபந்தனை மெய்யாகவே இருந்தாலும் சும்மா இருக்கும். மறுபடி பொய்யாகி மெய்யானால்தான் அடுத்த பதிவு.

ஆனால் சென்சார் பொய் சொன்னால் என்ன செய்வது? பம்ப் உடலில் துளைகள் உண்டு. ஒளி சென்சாரின் கதிர் அந்தத் துளை வழியே புகுந்து மறுபக்கம் போய்விட்டால், ஒரே பீஸ் இரண்டு பீஸாகத் தெரியும். இருந்தது, இல்லை, இருந்தது. FFL தன் விதிப்படி இரண்டு பதிவை ஏற்றிவிடும். சென்சாரைத் துளையில்லாத உயரத்தில் மாட்டுவது, ஒளி கொஞ்ச நேரம் தொடர்ந்து தெரிந்தால்தான் பீஸ் போய்விட்டதாக ஏற்றுக்கொள்ளும்படி டைமர் வைப்பது ஆகியவை வழக்கமான மருந்துகள். எனக்கு அதைவிட நம்பிக்கையானது இன்னொன்று. பிரஸ் ஒரு சுற்றை முடிக்கும்போது 'அனுப்ப ஒரு பதிவு இருக்கிறது' என்று ஒரு கொடியை ஏற்றி வைக்க வேண்டும். அந்தக் கொடி இருந்தால் மட்டுமே FFL ஓடும், ஓடியதும் கொடியை இறக்கிவிடும். சென்சார் பத்து முறை கண்ணடித்தாலும் ஒரு சுற்றுக்கு ஒரு பதிவுக்கு மேல் ஏறாது.

இதுவரை சொன்னது எல்லாம் ஒழுங்காக நடந்தால். இனி ஒழுங்கு கெடுவதைப் பார்ப்போம்.

ரேஷன் கடை வாசலில் ஆட்கள் நிழலில் உட்கார்ந்துகொண்டு, வெயிலில் பைகளை மட்டும் வரிசையாக வைத்திருப்பார்கள். பி.எல்.சி.யின் வரிசை அந்தப் பைகளின் வரிசைதான். கன்வேயரில் போகும் பீஸ்களை அது பார்ப்பதில்லை. இரு முனைகளில் மட்டும் இரண்டு சென்சார்கள் உள்ளன. நடுவில் என்ன நடந்தாலும் அதற்குத் தெரியாது, நுழைந்த வரிசையிலேயே வெளியே வரும் என்று நம்பிக்கொண்டிருக்கிறது.

41 முதல் 44 வரை எண்ணிட்ட நான்கு பதிவுகள் `Q1`-இல் இருக்கின்றன, `.POS` 4. இதில் 43 மட்டும் பிரஸ்ஸில் தோற்றது. பேரிங் தளர்வாக இறங்கியதால் விசை குறைவு. தரப்பிரிவிலிருந்து ஒருவர் வருகிறார். அளந்து பார்க்க ஒரு பீஸ் வேண்டும். கன்வேயரில் இரண்டாவதாக நிற்பதை எடுத்துக்கொண்டு போகிறார். அது 42. அவர் தன் வேலையைத்தான் செய்தார், தவறென்று யாருக்கும் தோன்றாது.

41 லீக் டெஸ்டுக்குள் போகிறது, பதிவும் 41. சரி. அடுத்து உள்ளே வருவது 43-ஆம் பீஸ். பி.எல்.சி. எடுத்துத் தருவது 42-இன் பதிவு, அதாவது 'நல்லது'. தளர்ந்த பேரிங்கால் காற்று கசிய வேண்டும் என்று கட்டாயமில்லை, லீக் டெஸ்டிலும் தேறிவிடுகிறது. லேசர் அதற்கு அழகாகப் பெயர் பொறிக்கிறது. பிறகு 44 வருகிறது, நல்ல பீஸ். அதன் தலையில் 43-இன் பதிவு ஏறுகிறது: 'தோற்றது'. சரிவில் தள்ளப்பட்டுச் சிவப்புப் பெட்டிக்குள் விழுகிறது. அதற்குப் பின்னால் வரும் ஒவ்வொரு பீஸும் தனக்கு முன்னால் போனதன் வரலாற்றைச் சுமந்து செல்கிறது. யாராவது கண்டுபிடிக்கும்வரை இது நிற்காது.

கொடுமை என்னவென்றால் வரிசை எங்கும் நிற்பதில்லை, அலாரம் அடிப்பதில்லை, உற்பத்தி எண்ணிக்கை சரியாகவே ஓடுகிறது. முதல் அறிகுறி பெரும்பாலும் சிவப்புப் பெட்டியிலிருந்து வரும். "அண்ணே, பெட்டியில கிடக்கறதை மறுபடி அளந்தா நல்லாத்தான் இருக்கு. பிரஸ் லோட்செல் ஏதோ தப்பாக் காட்டுது போல" என்று ஆபரேட்டர் சொல்வார். மெயின்டனன்ஸ்காரர் லோட்செல்லைக் கழற்றிச் சரிபார்ப்பார். அதில் குறை இருக்காது. நல்ல பீஸ் ரிஜெக்ட் ஆகிறது என்று கேட்டால், அளவுக்கருவியைத் தொடுவதற்கு முன் `.POS` எவ்வளவு, கன்வேயரில் பீஸ் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் லோட்செல் நிரபராதி.

இதற்கு நேர்மாறான விபத்தும் உண்டு. எடுத்துப்போன பீஸைத் திருப்பி எங்காவது செருகிவிடுவார்கள், அல்லது மறுபரிசோதனை முடிந்த ஒன்றைக் கன்வேயரின் நடுவில் வைத்துவிடுவார்கள். இப்போது பீஸ் அதிகம், பதிவு குறைவு. ஒவ்வொரு பீஸும் பின்னால் வருவதன் பதிவை முன்கூட்டியே பிடுங்கிக்கொள்ளும். கடைசிப் பீஸ் ஸ்டேஷனுக்குள் நிற்கும்போது வரிசை காலியாக இருக்கும்.

காலியான வரிசையில் FFU ஓடினால் என்ன கிடைக்கும்? பூஜ்யம். பிழை என்று நிற்காது, பூஜ்யத்தை எடுத்துத் தந்துவிட்டு மேலே போகும். நிரலாளர் முடிவுகளுக்கு எண் கொடுத்த விதத்தில்தான் இனி எல்லாம் இருக்கிறது. 'பிழை இல்லை, ஆகவே 0' என்ற பழக்கத்தில் நல்ல பீஸுக்கு 0, தோற்றதற்கு 1 என்று வைப்பவர்கள் நிறைய. அந்த வரிசையில் வரலாறே இல்லாத அநாமதேயப் பீஸ் நல்ல பீஸாக வெளியே போகும். நல்லதற்கு 1, தோற்றதற்கு 2, பூஜ்யத்துக்கு 'தெரியாது' என்று வைத்து, 1 என்று இருந்தாலொழிய லேசர் பக்கம் விடக்கூடாது என்று எழுதினால் அதே பீஸ் சரிவில் விழும். கூடுதல் சென்சார் வேண்டாம், செலவு கிடையாது. வரிசை கட்டுபவர்களிடம் ஒன்றே ஒன்றை மட்டும் கேட்கலாம் என்றால் நான் இதைத்தான் கேட்பேன்.

அதற்கும் முன்னால், FFU ஓடும் முன்பே `.EM`-ஐப் பார்த்துவிடலாம். பீஸ் நிற்கிறது, வரிசையோ காலி என்றால், அங்கேயே வரிசையை நிறுத்தி ஆளைக் கூப்பிட வேண்டும். கணக்கு தப்பிவிட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது.

நிரம்பும் பக்கத்திலும் இதே அமைதியான ஆபத்து. `.DN` ஏறியபின் FFL எதையும் ஏற்றாது. பீஸ் கடந்து போகும், பதிவு விடுபடும், யாருக்கும் தகவல் வராது. கன்வேயரில் எட்டுதான் நிற்கும் என்றபோதும் வரிசைக்குப் பன்னிரண்டு அறை கொடுத்தது அதனால்தான். எட்டைத் தாண்டி `.POS` ஒன்பதைத் தொட்டாலே ஏதோ தவறு என்று பொருள், ஏனென்றால் ஒன்பதாவது பீஸுக்கு அங்கே இடமே இல்லை. மிச்ச அறைகள் இந்தப் பொய்யைப் பிடிப்பதற்கான இடைவெளி. ஒன்பதில் அலாரம் வைத்தால் `.DN`-ஐ எட்டவே வேண்டியதில்லை.

மின்தடை தனிக்கதை. ஆலன்-பிராட்லி பி.எல்.சி. மின்சாரம் போனாலும் வரிசையை மறப்பதில்லை. திரும்பி எழும்போது, FFL தன் நிபந்தனையை ஏற்கெனவே மெய்யாக இருந்ததாகவே எடுத்துக்கொள்ளும். சென்சாரின் முன் பீஸ் நின்றுகொண்டிருந்தால் மறுபடி ஏற்றாமல் இருப்பதற்கான ஏற்பாடு இது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மின்சாரம் போன கணத்தில் கன்வேயர் கொஞ்சம் உருண்டுவிட்டு நிற்கும். அந்தச் சில அங்குலத்தில் ஒரு பீஸ் புதிதாகச் சென்சாரின் முன் வந்து நின்றுவிட்டால், பி.எல்.சி. எழுந்ததும் அதைப் பழைய பீஸாக நினைத்துப் பதிவை ஏற்றாது. இங்கேயும் முன்பு சொன்ன கொடி உதவும். எழுந்தவுடன் கொடி இன்னும் ஏறியிருக்கிறது, சென்சாரின் முன்னும் ஆள் இருக்கிறது என்றால், ஏற்றப்படாத ஒன்று வாசலில் நிற்கிறது என்று அர்த்தம்.

பீஸ்கள் ஒன்றையொன்று முந்தக்கூடிய இடத்தில் இந்த முறை செல்லாது. லீக் டெஸ்ட் மெதுவான வேலை, அதனால் பல வரிசைகளில் இரண்டு டெஸ்டர்களைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து பீஸ்களை மாற்றி மாற்றிப் பிரித்து அனுப்புவார்கள். முதலில் போன பீஸுக்கு மறுசோதனை வந்தால் இரண்டாவது அதை முந்திக்கொண்டு வெளியே வரும். இரண்டு டெஸ்டர்களையும் தாண்டி ஒரே வரிசையை இழுத்துக்கொண்டு போனால் பதிவுகள் மாறிவிடும். பிரியும் இடத்தில் பதிவை இறக்கி, எந்தப் பக்கம் அனுப்புகிறோமோ அந்தப் பக்கத்துக்குரிய தனி வரிசையில் ஏற்ற வேண்டும். மறுபடி சேரும் இடத்தில், எந்தப் பக்கத்து ஸ்டாப்பர் திறந்ததோ அந்தப் பக்கத்தின் பதிவைப் பொது வரிசையில் ஏற்ற வேண்டும்.

சுழல் மேசையில் வேலை நடக்கும் இயந்திரங்களுக்கு FIFO தேவையே இல்லை. அங்கே மேசை ஒரு கட்டம் திரும்பும்போதெல்லாம் காலி இடம் உட்பட எல்லாமே ஒரு கட்டம் நகரும். அதற்கு BSL போன்ற நகர்த்தும் கட்டளைகள் பொருத்தம். FIFO காலி இடங்களைக் கணக்கில் கொள்வதில்லை. பீஸ்கள் சில நேரம் நெருக்கமாகவும் சில நேரம் தூரமாகவும் வரும் கன்வேயருக்கே அது உரியது.

கணக்கு சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஷிஃப்ட் தொடங்கும்போது ஒரு சோதனை செய்வார்கள். வேண்டுமென்றே பழுதாக்கிய ஒரு பீஸுக்குச் சிவப்பு வண்ணம் அடித்து வைத்திருப்பார்கள். அதை நல்ல பீஸ்களுக்கு நடுவே பிரஸ்ஸில் நுழைப்பார்கள். பிரஸ் அதைத் 'தோற்றது' என்று பதியும். சரிவில் விழுவது அந்தச் சிவப்பு பீஸாகவே இருந்தால் பதிவும் பொருளும் ஒட்டியே போகின்றன. முன்னால் வந்ததோ பின்னால் வந்ததோ விழுந்தால், எந்தப் பக்கம் எத்தனை இடம் தப்பியிருக்கிறது என்பதும் கண்முன்னே தெரிந்துவிடும். பல தொழிற்சாலைகளில் இதை ரெட் ராபிட் என்பார்கள்.

தப்பிவிட்டது என்று தெரிந்தபின் திரையில் ஒரு பட்டனை அழுத்தி வரிசையைப் பூஜ்யமாக்கினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கன்வேயரில் ஐந்து பீஸ் நிற்கும்போது `.POS`-ஐப் பூஜ்யமாக்கினால் அந்த ஐந்தும் அநாதை ஆகின்றன. அடுத்து வருபவை ஏற ஏற, முன்னால் நிற்கும் அநாதைகள் அவற்றின் பதிவைப் பிடுங்கிக்கொள்ளும். முதலில் கன்வேயரில் உள்ள எல்லாவற்றையும் எடுத்து ஒதுக்கி வைக்க வேண்டும், பிறகே பூஜ்யமாக்க வேண்டும். பட்டனை அழுத்தும்போது இரு முனைச் சென்சார்களும் காலியாக இருந்தால்தான் அது வேலை செய்யும் என்று எழுதிவைப்பவர்கள் உண்டு. நடுக்கன்வேயரை அது காக்காது, பாதிப் பாதுகாப்புதான்.

எத்தனை பீஸ்களை ஒதுக்க வேண்டும் என்பது கடைசியாக எப்போது கணக்குச் சரியாக இருந்தது என்பதைப் பொறுத்தது. கன்வேயர்கள் முழுக்கக் காலியாகும் நேரத்தில் `Q1_Ctl.POS`, `Q2_Ctl.POS` இரண்டும் பூஜ்யத்தைக் காட்ட வேண்டும். நம் கதையில் 42-ஐ எடுத்துப்போனபின் வரிசை காலியானால் `.POS` 1 என்று நிற்கும், ஆளில்லாத ஒரு பதிவு எஞ்சியிருக்கும். இதை ஷிஃப்ட் முடிவில் மட்டும் பார்த்தால், 25 வினாடிக்கு ஒரு பீஸ் என்ற வேகத்தில் எட்டு மணி நேரத்துக்கு 1152 பீஸ். எங்கே தப்பியது என்று தெரியாததால் அத்தனையையும் நிறுத்தி வைத்துப் பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, டீ இடைவேளையின்போது வரிசையைக் காலியாக விட்டு அந்த இரு எண்களையும் ஆபரேட்டர் குறித்துக்கொண்டால், பிரித்துப் பார்க்க வேண்டியது அதிகபட்சம் 288.